கைக்குட்டையில் விட்ட இரண்டு சொட்டு

கேள்வி: டொக்டர், நான் மட்டக்களப்பில் வேலை செய்கிறேன். கல்லடியில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். அதே தளத்தின் மறுபாதியில் ஒரு மாமியும் அவட மகளும் இருக்கிறார்கள். மாமிக்கு 56 வயது, முட்டு வருத்தம் இருக்கு. நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் கூரைவரை போகாது. நித்திரை வராததால் கார்த்திகை தொடக்கத்தில் ஒரு டிஃபியூசர் வாங்கினேன். லவெண்டர், யூக்கலிப்டஸ், தோடம்பழ எண்ணெய் எல்லாம் கலந்து 15 சொட்டு விட்டு, இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் விடியும்வரை ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் அக்கரைப்பற்றுக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். மூன்று கிழமையில் ஒரு போத்தல் முடிந்துவிட்டது. மாமி இரவில் இருமுவது கேட்கும். போன புதன் பின்னேரம் பாவமாக இருந்ததால் கைக்குட்டையில் யூக்கலிப்டஸ் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தேன். "நெஞ்சு திறந்த மாதிரி இருக்கு பிள்ளை" என்றா. அன்று இரவு இரண்டு மணிக்கு மூச்சு எடுக்க முடியாமல் போய், ஒட்டோவில் ஏற்றி வைத்தியசாலையில் ஆவி பிடித்து, குளிசையும் தந்து அனுப்பினார்கள். என் அறைத் தோழி "எல்லாம் உன்ர எண்ணெயாலதான்" என்கிறாள். மாமியோ "இது வாடைக்குளிர், நீ கவலைப்படாதே" என்கிறா. இயற்கையான எண்ணெய் இப்படிச் செய்யுமா? நான்தான் காரணமா? எல்லாவற்றையும் தூக்கி எறியவா?

பதில்: அந்தக் கைக்குட்டையிலிருந்து தொடங்குவோம். இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது டிஃபியூசரைவிட அதுதான்.

மாமி சொன்னது பொய்யில்லை. அவவுக்கு நெஞ்சு திறந்த மாதிரித்தான் இருந்திருக்கும். ஆனால் திறந்தது நெஞ்சல்ல. நம் மூக்கிலும் தொண்டையிலும் குளிரை உணர்வதற்கென்று நரம்பு முனைகள் இருக்கின்றன. குளிர்ந்த காற்று உள்ளே போகும்போது அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். "காற்று நன்றாகப் போகிறது" என்று மூளை அதைப் புரிந்துகொள்ளும். யூக்கலிப்டஸ் எண்ணெயில் உள்ள சினியோலின் ஆவியும், மெந்தோல், கற்பூரம் ஆகியவற்றின் ஆவியும் குளிர் எதுவும் இல்லாமலே அந்த உணர்வை எழுப்பிவிடும். 1983 இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த மூன்றையும் சுகதேகிகளுக்கு முகரக் கொடுத்து, மூக்கின் வழியாகக் காற்றுப் போவதற்கு உள்ள தடையைக் கருவியால் அளந்தார்கள். காற்று கூடுதலாகப் போவதாகப் பெரும்பாலானோர் சொன்னார்கள். கருவியோ தடை கொஞ்சமும் குறையவில்லை என்று காட்டியது.

தடிமனால் மூக்கடைத்த ஒருவருக்கு இந்த ஏமாற்று நல்லதுதான், நித்திரை வரும். ஆஸ்துமாக்காரருக்கு இதுவே ஆபத்து. சுருங்கிய மூச்சுக்குழாய் சுருங்கியே இருக்க, மூச்சுமுட்டல் மட்டும் கொஞ்சம் மறைகிறது. பின்னேரம் ஆறு மணிக்கு, குழாயைத் திறக்கும் நீல நிற பம்பை எடுத்திருக்க வேண்டியவர், "இப்ப பரவாயில்லை" என்று படுத்துவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு அந்த மறைப்பு விலகிவிடும். நெஞ்சில் பூசும் பாம், சுடுதண்ணியில் யூக்கலிப்டஸ் விட்டுப் பிடிக்கும் ஆவி இரண்டுக்கும் இதே கதைதான்.

வைத்தியசாலையில் பிடித்த ஆவியும் வீட்டில் பிடிக்கும் ஆவியும் ஒன்றில்லை என்பதையும் மாமியின் மகளிடம் சொல்லி வையுங்கள். அங்கே நெபுலைசர் இயந்திரத்தில் விட்டது சல்பியூட்டமோல் என்ற மருந்து. அது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் வீட்டு நெபுலைசருக்குள் யூக்கலிப்டஸ் எண்ணெயை விடுபவர்கள் உண்டு. அப்படி ஒருபோதும் செய்யக்கூடாது. எண்ணெய்த் துளி நேரே நுரையீரலுக்குள் போய் அங்கே அழற்சியை உண்டாக்கும்.

"யூக்கலிப்டஸ் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று ஆராய்ச்சியே இருக்கே" என்று யாராவது உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். அது பெரும்பாலும் 2003 இல் ஜேர்மனியில் 32 நோயாளிகளில் நடந்த ஆய்வாக இருக்கும். அவர்கள் சுத்திகரித்த சினியோலை 200 மில்லிகிராம் அளவில், குடலில் கரையும் குளிசையாக, நாளுக்கு மூன்று தடவை, 12 கிழமை விழுங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்த ஸ்டீராய்டு குளிசையின் அளவு குறைந்தது. அறையில் தெளிக்கும் ஆவிக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. அதைப் படித்துவிட்டுப் போத்தலில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கவும் கூடாது. சிறு பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டியளவு யூக்கலிப்டஸ் எண்ணெயே மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரப் போதும்.

இனி டிஃபியூசருக்கு வருவோம். இயற்கையானதா செயற்கையானதா என்று மூச்சுக்குழாய் பார்ப்பதில்லை. ஆஸ்துமாக்காரரின் குழாயின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதிலுள்ள நரம்புகள் சிறு சீண்டலுக்கும் துள்ளும். தாளிதப் புகை, பெயின்ற் மணம், குளிர்காற்று, வாசனை எண்ணெயின் ஆவி எல்லாமே அந்தச் சீண்டல்தான். பெரும்பாலானோரிடம் இது ஒவ்வாமை அல்ல, எரிச்சல். அதனால் இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது, அளவு கூடக் கூடத்தான் வேலையைக் காட்டும். நீங்கள் மூவரும் அதே காற்றைச் சுவாசித்து ஒன்றும் ஆகாமல் இருந்தது மாமிக்கும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சாட்சியாகாது. தோடம்பழத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். வெளியிலிருந்து வரும் ஓசோனோடு காற்றில் சேரும்போது அதிலிருந்து கொஞ்சம் போர்மல்டிஹைட்டும் மிக நுண்ணிய துகள்களும் உருவாகும். போத்தலில் எழுதியிருப்பதும் அறைக்குள் மிதப்பதும் முழுக்க ஒன்றல்ல.

எனவே அளவைப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். 15 சொட்டு என்றால் 0.75 மில்லிலீற்றர், நிறையில் 650 மில்லிகிராமுக்கு மேல். கிழமையில் ஐந்து இரவாக மூன்று கிழமைக்குப் பெருக்கினால் 11 மில்லிலீற்றர் வருகிறது. உங்கள் போத்தல் 10 மில்லிலீற்றர் என்றால், ஒரு போத்தல் முடிந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதோடு கணக்கு ஒத்துப்போகிறது. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமான அறையில் சுமார் 28 கன மீற்றர் காற்று இருக்கும். ஓர் இரவின் எண்ணெய் முழுவதும் வெளியேறாமல் அதற்குள்ளேயே நின்றால் கன மீற்றருக்கு 23 மில்லிகிராமுக்கு மேல் வரும். வீட்டுக் காற்றில் இவ்வகை ஆவிகள் எல்லாம் சேர்த்து 10 மில்லிகிராமைத் தாண்டினால் அங்கே வசிப்பது ஏற்கத்தக்கதல்ல என்று ஜேர்மனியின் சுற்றாடல் முகவரகம் வகுத்திருக்கிறது. உங்கள் அறையில் அந்த 23 எட்டியிருக்காது, ஏனென்றால் ஆவி வெளியேறிக்கொண்டே இருந்திருக்கும். எந்த வழியால் வெளியேறியது என்பதுதான் விஷயம்.

கார்த்திகை மழையில் யன்னல் பூட்டியிருக்கும், கதவடியில் துணி வைத்திருப்பீர்கள். மிச்சம் இருக்கும் வழி சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. உங்கள் மூவரின் உடற்சூட்டாலும் மின்விளக்காலும் சூடான காற்று மேலெழுந்து, ஓட்டுக்குக் கீழே பரவி, சுவரைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். மின்விசிறி போட்டிருந்தால் இன்னும் வேகமாகப் போகும். இதைப் பார்க்க மாமியின் அறையில் எதையும் எரிக்கத் தேவையில்லை. மாமி வீட்டில் இல்லாத ஒரு பகலில், யன்னலைப் பூட்டிவிட்டு உங்கள் அறையில் ஒரு தோடம்பழத்தை உரித்து, மகளை மறுபக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவவுக்கு மணம் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்குள் போனால், இரண்டு அறையும் காற்றுக்கு ஓர் அறைதான். பிறகு யன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் தண்ணீரைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். டிஃபியூசர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, அதிரவைத்துத் தூளாக்குகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து காற்றுக்கு வரும். கல்லடிப் பக்கம் சில கிணறுகளில் சவர்த் தண்ணீர். மேசையிலும் கைப்பேசித் திரையிலும் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது அந்தத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும். அதே தூள் மூச்சிலும் போகும். நேற்றைய தண்ணீரை ஊற்றாமல் விட்டால் கிருமியும் சேரும்.

இனி, நீங்கள்தான் காரணமா? புதன் இரவு ஒன்றை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதிகாலை இரண்டு மூன்று மணி ஆஸ்துமாவுக்கு இயல்பாகவே கெட்ட நேரம், நுரையீரல் அப்போதுதான் மிகக் குறைவாக வேலை செய்யும். வாடைக்காலத்தில் தடிமன் பரவும், சுவர் ஈரமாகிப் பூஞ்சணம் பிடிக்கும். மழையோடு நுளம்பு பெருகுவதால் நுளம்புத்திரியும் கொளுத்துவார்கள். மாமியின் கட்டிலுக்குக் கீழே ஒரு நுளம்புத்திரி எரிந்துகொண்டிருந்தால் உங்கள் எண்ணெயைவிட அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அது இரவு முழுவதும் மெல்லப் புகையும் நெருப்பு. "வாடைக்குளிர்" என்று மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்.

ஆனால் உங்களையறியாமலே நீங்கள் ஒரு நல்ல சோதனையை நடத்தியிருக்கிறீர்கள். வெள்ளி, சனி இரவுகளில் டிஃபியூசர் ஓடவில்லை. மூன்று கிழமையில் ஓடிய இரவு 15, ஓடாத இரவு 6. நீங்கள் இல்லாதபோது தோழிகள் போடவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு மாமியின் மகளிடம் கேளுங்கள், கேட்கும் விதம் முக்கியம். "நான் இல்லாத நாளில் மாமி நல்லா இருந்தாவா?" என்று கேட்டால் விடையையும் நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். "இந்த மாதம் எந்தெந்த இரவு அம்மா எழும்பினவ?" என்று மட்டும் கேளுங்கள். நினைவு வராவிட்டால் நாட்காட்டியைக் காட்டி, கோயிலுக்குப் போன நாள், பாடசாலை விட்ட நாள், மழை ஊற்றிய நாள் என்று பிடித்துக் கேளுங்கள். எழும்பிய இரவுகள் ஞாயிறு முதல் வியாழன்வரை குவிந்து, வெள்ளியும் சனியும் வெறுமையாக இருந்தால் உங்கள் தோழியின் பேச்சுக்கு எடை கூடும். எல்லா நாளும் சரிசமமாகக் கிடந்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது எண்ணெய் பல காரணங்களில் ஒன்று. ஆறு இரவு என்பது சின்ன எண்ணிக்கை. அதனால் இதைச் சந்தேகத்துக்கு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விடை எதுவாக இருந்தாலும் இன்றிரவே டிஃபியூசரை நிறுத்துங்கள். சந்தேகம் இருக்கும்போது நிறுத்துவதால் உங்களுக்குப் போவது ஒரு மணம், நிறுத்தாவிட்டால் மாமிக்குப் போகக்கூடியது இன்னொரு நள்ளிரவு. தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, எண்ணெய்ப் போத்தல்களோடு சேர்த்து மூடி இறுகும் டின் ஒன்றில் போட்டுப் பூட்டுங்கள். தலையணை உறை, போர்வை, யன்னல் சீலை எல்லாம் இந்த மூன்று கிழமையாக எண்ணெயைக் குடித்திருக்கும். சூடான பகலில் அதைத் திருப்பித் தரும். அவற்றைச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுத் தோய்க்க வேண்டும். மணம் சேர்க்காத சவர்க்காரமாக இருந்தால் நல்லது, கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவம் வேண்டாம். எண்ணெய் மணத்தைப் போக்க சாம்பிராணி போடுவோம் என்று யாராவது சொன்னால் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நிறுத்தியதும் மாமிக்கு உடனே சுகம் வந்தால் அதை எண்ணெயின் மேல் போட அவசரப்படாதீர்கள். குளிசை தந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படியான நேரத்தில் வழக்கமாகக் கொடுப்பது பிரெட்னிசலோன், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். அது எந்தக் காரணத்தால் வந்த வீக்கத்தையும் அடக்கும். அந்த நாட்களில் மாமி நன்றாகத்தான் இருப்பா, எண்ணெய் ஓடினாலும்கூட. ஆகவே கணக்கைக் குளிசை முடிந்த மறுநாளிலிருந்து தொடங்கி, 14 நாள் எழுதுங்கள். சுகம் கண்டதும் குளிசையை இடையில் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை எடுக்கவும் வேண்டும்.

எழுதுவதற்கு ஒரு கொப்பி போதும்: இரவில் எழும்பினாவா, நீல பம்ப் எத்தனை தடவை, நுளம்புத்திரி கொளுத்தினார்களா, தடிமன் இருந்ததா. முடியுமென்றால் மருந்தகத்தில் பீக் ஃப்ளோ மீற்றர் ஒன்று வாங்குங்கள். கையால் பிடிக்கும் சின்னக் குழாய், மின்சாரம் தேவையில்லை. நேராக நின்று, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, முழு மூச்சும் இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே உதையாக வேகமாக ஊதவேண்டும். மூன்று தடவை ஊதி, கூடிய எண்ணை எழுதவேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இரண்டும் பம்ப் அடிப்பதற்கு முன். மெல்ல நீட்டி ஊதினால் எண் குறையும். துப்புவது போல் நாக்கால் தள்ளினால் பொய்யாகக் கூடும்.

மாமி நன்றாக இருக்கும் நாளில் ஊதும் கூடிய எண் 320 என்று வைப்போம். அதன் எண்பது வீதம் 256. ஒரு காலை 250 என்று வந்தால், மாமிக்கு மூச்சுமுட்டு தெரியாவிட்டாலும் குழாய் சுருங்கத் தொடங்கிவிட்டது. கைக்குட்டையால் ஏமாற்ற முடியாத சாட்சி இந்த எண்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 14 நாள் அமைதியாகப் போன பிறகு, "சரி, இப்ப போட்டுப் பார்ப்போம், வருதா என்று" என்று டிஃபியூசரைத் திரும்ப ஓடவிடுவது. மருந்தும் ஆளும் பக்கத்தில் இருக்கும் வைத்தியசாலையில் கூட இப்படியான சோதனையை மிகக் கவனமாகத்தான் செய்வார்கள். வீட்டில், இரவில், ஒட்டோ தேடவேண்டிய இடத்தில் வேண்டாம். தீர்ப்புத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாரம் முழுவதையும் உங்கள் தலையில் போடுவது சரியில்லை. மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் ஆஸ்துமா, பக்கத்து அறை மணத்துக்கு இருமினாலும் வைத்தியசாலைவரை போவது குறைவு. கடந்த நான்கு கிழமையில் கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் நீல பம்ப் எடுத்தாவா, ஓர் இரவாவது எழும்பினாவா என்று மகளிடம் கேளுங்கள். ஆம் என்றால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை. நீல பம்ப் குழாயைச் சில மணிநேரம் திறக்கும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்து. அது பம்பாகவோ, கிளினிக்குகளில் தருவது போல சிறு கருவிக்குள் வைத்துத் துளைத்து உறிஞ்சும் கப்சூலாகவோ இருக்கும். சுகமாக இருக்கும் நாளில் அதை விட்டுவிடுவதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை. 200 தடவை அடிக்கும் நீல பம்ப் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ முடிகிறதென்றால், கடுமையான முட்டு வரும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம். வைத்தியசாலைக்குப் போய்வந்த இந்தக் கிழமையிலேயே மார்புநோய்க் கிளினிக்குக்கோ குடும்ப வைத்தியரிடமோ போகட்டும். எல்லா மருந்தையும் கொப்பியையும் கொண்டுபோய், வைத்தியரின் முன்னால் ஒரு தடவை எடுத்துக்காட்டட்டும். பம்பை அழுத்திய பிறகு இழுப்பதும், கப்சூலை மெல்ல உறிஞ்சுவதும் பலர் விடும் பிழை. கப்சூலை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும், பம்பை மெல்ல. தடுப்பு மருந்து எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

அடுத்த சுவரில் இருப்பவர் நீங்கள் என்பதால், அந்த இரவு திரும்பி வந்தால் செய்யவேண்டியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மாமியை நேராக இருத்துங்கள், படுக்க விடாதீர்கள். நீல பம்பைக் குலுக்கி, பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்ற குழாயில் பொருத்தி, ஒரு தடவை அழுத்தி, நான்கு மூச்சு எடுக்க விடுங்கள். இப்படி நான்கு தடவை. ஸ்பேசர் இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் புகும் அளவுக்கு ஒரு துளை வெட்டிக்கொள்ளலாம். போத்தலின் வாய் மாமியின் வாயில். ஆனால் அதை அந்த நேரத்தில் வெட்டிக்கொண்டிருக்க முடியாது, இன்றே செய்து, கழுவிக் காயவைத்து, பம்போடு சேர்த்து வைத்துவிடுங்கள். நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் இன்னொரு நான்கு தடவை கொடுத்துக்கொண்டே 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை, அதில் ஒட்சிசனும் இருக்கும். ஒரு வசனத்தை முழுவதும் பேச முடியாமல் சொல் சொல்லாக உடைவது, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுவது, உதடு நீலிப்பது, தூங்கி விழுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டாம், முதலில் அழையுங்கள். இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதிப்படாதீர்கள். ஆள் களைத்திருக்கச் சத்தம் மட்டும் நின்றால், காற்றுப் போவதே நின்றுகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் எறியத்தான் வேண்டுமா என்றால், இந்த வீட்டில் இருக்கும்வரை காற்றில் விடும் எதுவும் வேண்டாம். சொட்டைக் குறைத்து, அரை மணிநேரம் மட்டும் என்று உங்களுக்கு அனுமதி தர எனக்கும் விருப்பம்தான். தனி வீட்டில், யன்னல் திறந்திருக்க, 100 மில்லிலீற்றர் தண்ணீரில் மூன்று சொட்டு என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கூரைக்குக் கீழே திறந்த சுவரில் அந்தக் கணக்குச் சரிவராது, அதுவும் மழைக்காலத்தில். குச்சி செருகிய வாசனைப் போத்தலும் வேண்டாம், அது இருபத்துநான்கு மணிநேரமும் ஓடும் டிஃபியூசர். லவெண்டரை விட மனமில்லையென்றால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு கலந்து, பகலில், வேலைக்குப் போகும்போது மணிக்கட்டில் பூசிக்கொள்ளுங்கள். முதல் நாள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி, மறுநாள் சிவக்கிறதா பாருங்கள். தோடம்பழ எண்ணெயை மட்டும் எறிந்துவிடலாம். திறந்து சூட்டில் வைத்த அந்த எண்ணெய் காற்றுப்பட்டு மாறும், பிறகு தோலுக்கும் ஒவ்வாமை தரும். வார்னிஷ் போல மணக்கத் தொடங்கினால் அதுதான் அடையாளம். எறியும்போது கழுவும் தொட்டியில் ஊற்றாமல், கடதாசியில் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

மாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போனால் அவ "ஐயோ, உன்னில ஒரு பிழையும் இல்லை" என்று பேச்சை முடித்துவிடுவா, நுளம்புத்திரியும் தடுப்பு மருந்தும் பேசப்படாமலே போய்விடும். அதனால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமி, நான் அந்த மெஷினைக் கழட்டி வைச்சிட்டன். நீங்களும் ரெண்டு கிழமைக்கு நுளம்புத்திரியை விட்டிட்டு வலை கட்டுங்கோ. இரவில முட்டு வந்தா என்ர பக்கச் சுவரில தட்டுங்கோ, எனக்கு நித்திரை குறைவுதானே." வலை கட்ட நான்கு ஆணியும் ஒரு சுத்தியலும் கையோடு கொண்டுபோங்கள்.